பார்க்காமலே புரியும் தட்டல்: நீண்ட மீட்டிங்கிலும் வகுப்பிலும் ஸ்மார்ட்வாட்ச் நினைவூட்டல்கள்

மூன்று மணி நேரம் ஓடும் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மணிக்கட்டில் கடிகாரம் மெல்லத் தட்டுகிறது. அது எழுந்து நிற்கச் சொல்கிறதா, முதுகை நிமிர்த்தச் சொல்கிறதா, மூச்சை மெதுவாக்கச் சொல்கிறதா, அல்லது யாரோ அனுப்பிய குறுஞ்செய்தி வந்திருக்கிறதா? தெரிந்துகொள்ள ஒரே வழி கையைத் திருப்பித் திரையைப் பார்ப்பது. பேசிக்கொண்டிருப்பவருக்கு அது வேறு மாதிரித் தெரியும். "எப்போது முடிப்பீர்கள்?" என்று நீங்கள் கேட்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த வசதியை ஆசையாகத் தொடங்கி, சில நாளில் அணைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சலித்துப் போகிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்தாலும், அந்த நேரத்தில் அது சொல்வதைச் செய்ய முடிவதில்லை. ஆகவே ஏற்பாடு நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. தட்டல் வந்ததும், கண்ணைத் திருப்பாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்காதபடி செய்து முடிக்கவும் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

கடிகாரத்துக்கு எது தெரியும், எது தெரியாது

கையில் கட்டும் கடிகாரத்துக்குள் முடுக்கமானி என்ற சின்னஞ்சிறு உணரி இருக்கிறது. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது, புவியீர்ப்பைப் பொறுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அது அளக்கிறது. நடக்கும்போது கை வீசும் லயம் அதற்கு நன்றாகப் புரியும். கை மேஜைமேல் படுத்திருப்பதற்கும் உடலோடு ஒட்டித் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசமும் ஓரளவு புரியும். இவற்றை வைத்துத்தான் நீங்கள் எழுந்தீர்களா, நடந்தீர்களா என்று அது ஊகிக்கிறது.

முதுகு விஷயம் வேறு. உங்கள் முதுகெலும்பு எப்படி வளைந்திருக்கிறது, கழுத்து எவ்வளவு முன்னால் நீண்டிருக்கிறது என்பதை அறிய மணிக்கட்டிலிருந்து வழியே இல்லை. நேராக உட்கார்ந்து எழுதினாலும், கூனிக்கொண்டு எழுதினாலும், கை மேஜைமேல் ஒரே மாதிரிதான் இருக்கும். முதுகிலோ கழுத்திலோ ஒட்டிக்கொள்ளும் தனிக் கருவிகள் உண்டு. அவை சாய்வை நேரடியாக அளந்து அதிரும். மணிக்கட்டுக் கடிகாரத்தில் 'உட்காரும் நிலை நினைவூட்டல்' என்று எது வந்தாலும், பொதுவாக அது வெறும் டைமர்தான். நீங்கள் கூனியிருப்பதைப் பார்த்து அது தட்டுவதில்லை. இத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்பதால் தட்டுகிறது.

இது தெரிந்தால் ஒரு வீண் எதிர்பார்ப்பு விலகும். "நேராகத்தானே உட்கார்ந்திருந்தேன், ஏன் தட்டியது?" என்ற எரிச்சல் வராது. அதோடு, டைமர்தான் என்றால் அதன் இடைவெளியை நாமே தீர்மானிக்கலாம். கருவியின் ஊகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

எழுந்து நிற்பதைக் கண்டுபிடிப்பதிலும் தவறுகள் நடக்கும். எழுந்து, இரு கைகளையும் மேசைமேல் ஊன்றி அசையாமல் நின்றால், கடிகாரம் அதை நிற்பதாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கால் நின்றதா என்பதுதான் முக்கியம், திரையில் கணக்கு ஏறியதா என்பது அல்ல.

எழுந்து நிற்கச் சொல்லும் தட்டல் ஏன் தாமதமாக வருகிறது

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆப்பிள் வாட்ச் எழுந்திருக்கச் சொல்வது கடிகார மணியை ஒட்டித்தான். ஒரு மணி நேரத்தின் முதல் 50 நிமிடமும் நீங்கள் உட்கார்ந்தே இருந்தால், அந்த 50ஆவது நிமிடத்தில் தட்டும். அந்த மணிக்குள் ஏதாவது ஒரு நிமிடம் எழுந்து நடமாடியிருந்தால் அந்த மணி முடிந்ததாகக் கணக்கு, தட்டல் வராது. ஃபிட்பிட்டிலும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான். ஒரு மணி நேரத்துக்குள் 250 காலடி எடுத்து வைத்தால் போதும். நடக்கவில்லை என்றால் மணி முடிய 10 நிமிடம் இருக்கும்போது நினைவூட்டும்.

இப்போது ஒரு காலை மீட்டிங்கை எடுத்துக்கொள்வோம். தொடங்குவது 9.30. நீங்கள் 9.25-க்கு உங்கள் இடத்திலிருந்து எழுந்து, நடந்து, அறைக்குள் வந்து உட்காருகிறீர்கள். அந்த நடை 9 மணிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே 9.50-க்குத் தட்டல் இல்லை. அது சரிதான், உட்கார்ந்து 20 நிமிடம்தானே ஆகியிருக்கிறது. ஆனால் அடுத்த வாய்ப்பு 10.50-க்குத்தான். அதாவது முதல் தட்டல் வரும்போது நீங்கள் தொடர்ந்து 80 நிமிடம் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு மணிக்கு ஒரு முறை நினைவூட்டும் என்று நம்பியிருந்தவருக்கு ஒன்றே கால் மணிக்கு மேல் கடந்துவிடுகிறது. கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அது கடிகார மணியைக் கணக்கிடுகிறது, உங்கள் மீட்டிங்கை அல்ல.

கார்மின் கடிகாரங்கள் வேறு வழியில் எண்ணுகின்றன. நீங்கள் அசையாமல் இருக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் ஆனதும் தட்டும். பிறகும் நகராவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் ஒரு கோடு கூடிக்கொண்டே போகும். கொஞ்ச தூரம் நடந்தால் எல்லாம் அழிந்து, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நம் உதாரணத்தில் இது 10.30-ஐ ஒட்டித் தட்டும். நீண்ட மீட்டிங்குக்கு இந்த முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து.

உங்கள் கடிகாரம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஓய்வான ஒரு நாளில், ஏதாவது ஒரு மணியின் 20ஆவது நிமிடத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு உட்காருங்கள். அதே மணியின் 50ஐ ஒட்டித் தட்டல் வராமல், அடுத்த மணியின் 50ஐ ஒட்டி வந்தால் அது கடிகார மணிக் கணக்கு. உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து, அதாவது அடுத்த மணியின் 20ஐ ஒட்டி வந்தால் உங்கள் அசைவை வைத்த கணக்கு.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆப்பிள் வாட்சில் சக்கர நாற்காலி அமைப்பை இயக்கினால், எழுந்து நிற்கச் சொல்வதற்குப் பதிலாக நாற்காலியைத் தள்ளி நகரச் சொல்லும்.

சத்தமில்லாத அதிர்வு உண்மையிலேயே சத்தமில்லாததா

சைலன்ட் மோடில் போட்டுவிட்டால் யாருக்கும் கேட்காது என்று நினைப்போம். அமைதியான வகுப்பில் "ட்ர்ர்" என்று ஒரு ஓசை எழுந்து நாலு பேர் திரும்பிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

அதிர்வைத் தரும் மோட்டாரில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒன்று, ஒரு பக்கம் மட்டும் எடை கூடிய சிறு சக்கரத்தைச் சுழற்றுவது. இது தொடங்கவும் நிற்கவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆகவே அதிர்வு இழுபட்டு, இரைச்சலோடு இருக்கும். விலை குறைந்த கடிகாரங்களில் இதை அதிகம் பார்க்கலாம். இன்னொன்று, ஒரு சிறு எடையை நேர்கோட்டில் முன்னும் பின்னும் வேகமாக ஆட்டுவது. இது சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். யாரோ விரலால் தட்டியதுபோல் இருக்கும். கடையில் வாங்கும்போது இரண்டையும் கையில் கட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை மோட்டார்கள் பொதுவாக நொடிக்கு 150 முதல் 250 முறை வரை அதிர்கின்றன. தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் ஏறக்குறைய 250-ஐ ஒட்டித்தான் மிகக் கூர்மையாக உணரும். அதனால் இந்தத் தேர்வு பொருத்தமானது. ஆனால் அதே வேகத்தில் அதிரும் ஒலி காதுக்கும் தாராளமாகக் கேட்கும். மணிக்கட்டின் சதை அதை உறிஞ்சிக்கொள்வதால்தான் வெளியே தெரிவதில்லை. மணிக்கட்டை மரமேஜைமேல் வைத்துவிட்டால் கதை மாறிவிடும். வீணையின் தந்தி தனியாக எழுப்பும் சிற்றொலியைக் குடம் பெரிதாக்கித் தருவதுபோல், மேஜைப் பலகை அந்தச் சிறு அதிர்வை அறை முழுக்கக் கேட்கச் செய்துவிடும். உலோகப் பட்டையும் கொக்கியும் மேஜையில் பட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

பட்டை தளர்வாக இருப்பதும் ஒரு காரணம். கடிகாரம் தோலில் ஒட்டாமல் ஆடினால் ஒவ்வொரு அதிர்விலும் அது எழும்பி எழும்பி மோதும். உங்களுக்கு உணர்வு குறையும், மற்றவர்களுக்கு ஓசை கூடும். நேர்மாறாக நடக்க வேண்டியது இது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாக, கடிகாரத்தின் அடிப்பாகம் தோலில் படியும்படி கட்டுங்கள். இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு இறுக்க வேண்டாம். கழற்றியபின் ஆழமான தடம் நின்றால் அது அதிகம். இப்படிக் கட்டிவிட்டால் அதிர்வின் வலிமையை ஒரு படி குறைத்துக்கூட வைக்கலாம்.

முதல் மீட்டிங்குக்கு முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள். காலியாக, அமைதியாக இருக்கும் அறையில் ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு நிமிட டைமரை ஓடவிட்டு, கையை மேஜைமேல் வைத்து ஒரு முறை, மடியில் வைத்து ஒரு முறை தட்டவிடுங்கள். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும். நமக்கு எலும்பு வழியாகவும் அதிர்வு தெரிவதால் நம் காதை நம்ப முடியாது. பெரும்பாலும் மடியில் இருக்கும் கை பிரச்சினை தராது. எழுதும் பழக்கம் உள்ளவர்கள் எழுதாத கையில் கட்டி, அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

திரை தானாக ஒளிர்வதும் ஒருவகையில் சத்தம்தான், இருட்டாக்கிய அறையில் படம் காட்டும்போது. ஆப்பிள் வாட்சில் Theater Mode போட்டால் தொடும் வரை திரை இருட்டாகவே இருக்கும், ஆனால் தட்டல் வரும். மற்றக் கடிகாரங்களிலும் இதே மாதிரி ஒன்று வேறு பெயரில் இருக்கும்.

மூன்று நினைவூட்டல்களை ஒன்றாக்குவது

இயல்பாகத் தோன்றும் வழி, மூன்றுக்கும் தனித்தனி நினைவூட்டல் வைப்பது. உட்காரும் நிலைக்கு 20 நிமிடம், எழுந்து நிற்க 50 நிமிடம், மூச்சுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். 20, 40, 50, 60, மறுபடி 60, 80, 100, மறுபடி 100 என்று தட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். எது எது என்று கைக்குத் தெரியாது. வந்துவிட்டோம், தொடங்கிய பிரச்சினைக்கே.

சில செயலிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அதிர்வு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க விடும். ஒரு குட்டித் தட்டல், இரண்டு நீளத் தட்டல் என்று பிரிக்கலாம். இரண்டு வடிவங்கள் வரை கை எளிதாகப் பழகிக்கொள்ளும். மூன்றாவதைச் சேர்த்தால், பேச்சில் கவனமாக இருக்கும்போது எண்ணத் தவறிவிடுவோம்.

நான் பரிந்துரைப்பது இன்னும் எளிது. ஒரே டைமர், 25 நிமிடம், திரும்பத் திரும்ப. கூடவே ஒரு விதி: ஒவ்வொரு தட்டலிலும் உட்காரும் நிலையை மாற்று, முந்தைய தட்டலில் எழவில்லை என்றால் இந்தத் தட்டலில் எழு, இந்த முறையும் எழ வழியில்லை என்றால் மூன்று மெது மூச்சு விடு. தட்டலுக்கு ஒரே பொருள்தான், 'ஏதாவது ஒன்றை மாற்று' என்பது. எதை மாற்றுவது என்பதைச் சூழ்நிலையைப் பார்த்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்த அறையில் இப்போது எழுந்தால் சரியாக இருக்குமா என்று கடிகாரத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அதே 9.30 மீட்டிங்கில் இதை வைத்துப் பார்ப்போம். முடிவது 12.30, நடுவில் 11 மணிக்கு 15 நிமிட இடைவேளை. உட்கார்ந்ததும் 9.30-க்கு டைமரைத் தொடங்குகிறீர்கள்.

9.55-க்கு முதல் தட்டல். கூட்டம் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது, எழ வேண்டிய அவசரமும் இல்லை. நாற்காலியின் பின்பக்கம் வரை நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து, தோளைத் தளர விடுகிறீர்கள். மூன்று நொடி வேலை. 10.20-க்கு இரண்டாவது தட்டல். போன முறை எழவில்லை, ஆகவே இந்த முறை எழ வேண்டும். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் கணினியை இணைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியில் எழுந்து அறையின் பின்புறம் போய், சுவரோரமாக இரண்டு மூன்று நிமிடம் நின்று கேட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். உட்கார்ந்து 50 நிமிடம் ஆகியிருக்கிறது. கடிகாரத்தின் சொந்த நினைவூட்டலை நம்பியிருந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். 10.45-க்கு மூன்றாவது தட்டல். விவாதம் கொஞ்சம் காரமாகப் போகிறது, அடுத்து நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். நிலையை மாற்றிக்கொண்டு மூன்று மெது மூச்சு விடுகிறீர்கள். 11 மணிக்கு இடைவேளை; டைமரை நிறுத்திவிட்டு நடக்கிறீர்கள். 11.15-க்கு மறுபடி தொடங்கினால் 11.40-க்கும் 12.05-க்கும் தட்டும். 11.40-க்கு நிலை மாற்றம், 12.05-க்கு எழுதல். 12.30-க்கு மீட்டிங்கே முடிந்துவிடுகிறது.

மொத்தம் ஐந்து தட்டல்கள். ஐந்தும் செய்ய முடிந்தவை. இடைவேளையில் டைமரை நிறுத்தி மறுபடி தொடங்குவதுதான் இதில் மறந்துபோகும் இடம். நிறுத்தாமல் விட்டால் 11.10-க்கு, நீங்கள் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும்போது தட்டும், அடுத்தது 11.35. பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் தேவையில்லாத தட்டல் ஒவ்வொன்றும் அடுத்த தட்டலின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துவிடும்.

இந்த டைமரை எதில் வைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இங்கேதான் ஏற்பாடு உடையும். கடிகாரத்தின் அலாரம் நாம் நிறுத்தும் வரை அதிர்ந்துகொண்டே இருக்கும். நிறுத்த வேண்டும் என்றால் திரையைத் தொட வேண்டும். அது அமைதி அல்ல. நாட்காட்டியில் குறித்து வைத்தால் ஒரு முறை தட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் மீட்டிங் என்று Do Not Disturb போட்டுவிட்டால் அந்தத் தட்டலும் வராது. அலாரம் மட்டும் பொதுவாக அதைத் தாண்டி வரும். நிறைய பேருக்கு "முக்கியமான அன்றைக்கு மட்டும் கடிகாரம் தட்டவே இல்லை" என்று தோன்றுவதன் காரணம் இதுதான். இரண்டுக்கும் நடுவில் வசதியானது, இடைவெளி டைமர்: ஒவ்வொரு சுற்று முடிவிலும் சில முறை தட்டிவிட்டு, நாம் எதையும் தொடாமலே அடுத்த சுற்றைத் தானே தொடங்குவது. உடற்பயிற்சிக்காக எழுதிய சின்னச் சின்னச் செயலிகளில் இது இருக்கும். சில கடிகாரங்களில் டைமரிலேயே தானாகத் திரும்பத் தொடங்கும் தேர்வு உண்டு. எதைத் தேர்ந்தாலும், Do Not Disturb போட்ட நிலையில் அது தட்டுகிறதா என்று ஒரு நிமிட இடைவெளி வைத்து வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு வேறு எந்தச் செயலியும் கையில் தட்டக்கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. குறுஞ்செய்தியும் இதே மணிக்கட்டில்தான் தட்டும் என்றால், திரையைப் பார்க்காமல் இருப்பது முடியாத காரியம்.

தட்டல் வந்ததும் உடம்பு செய்ய வேண்டியது

சரி, நிலையை மாற்றுவது என்றால் என்ன? விறைப்பாக நிமிர்ந்து உட்காருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நிமிர்ந்தவர் இரண்டு நிமிடத்தில் பழையபடி சரிந்துவிடுவார், ஏனென்றால் அந்த விறைப்பைத் தாங்க முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும், ஒரே ஒரு சரியான நிலை என்று ஒன்று இல்லை. நேராக உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் வெகுநேரம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகளுக்குப் பெரியவர்களில் நேரடி இரத்த ஓட்டம் அநேகமாக இல்லை. சுற்றிலும் உள்ள திசுக்களிலிருந்து சத்து கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். நிலை மாறி, அழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தப் போக்குவரத்துக்கு உதவி கிடைக்கிறது.

ஆகவே முன்னால் குனிந்திருந்தீர்களா, பின்னால் சாயுங்கள். பின்னால் சாய்ந்திருந்தீர்களா, முன்னால் வந்து முழங்கைகளை மேஜையில் ஊன்றுங்கள். கால்மேல் கால் போட்டிருந்தால் இறக்குங்கள். அடுத்த தட்டலில் வேறு ஏதாவது. கழுத்துக்கு மட்டும் ஒரு சிறு கவனம் தேவை: மடிக்கணினியைப் பார்த்துப் பார்த்துத் தலை முன்னால் போயிருக்கும். மோவாயைத் தூக்காமல், தலையை அப்படியே ஒரு விரல் அகலம் பின்னால் கொண்டுவந்தால் போதும்.

எழுவதன் பயன் முக்கியமாகக் கால்களில். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதன் நடுவே ஓடும் சிரைகள் அழுத்தப்பட்டு இரத்தம் மேலே தள்ளப்படுகிறது; சிரைகளின் உள்ளே இருக்கும் வால்வுகள் அது திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் தொங்கும் காலில் இந்தப் பம்பு ஓய்ந்துவிடுகிறது. எழ முடியாத இடத்தில் இருந்தால், முன்பாதத்தைத் தரையில் வைத்துக் குதிகாலை மட்டும் 20 தடவை உயர்த்தி இறக்குங்கள். மேஜைக்கு அடியில் நடப்பதால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் இதை நின்றதாகச் சேர்க்காது, பரவாயில்லை. எழுந்து நடப்பதற்கு இது முழு ஈடும் ஆகாது. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

மூச்சு விஷயத்தில்தான் பிழை அதிகம் நடக்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். மெது மூச்சு என்பது இதை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைப்பது, அதாவது ஒரு மூச்சுக்கு 10 நொடி. 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே என்று மனதுக்குள் எண்ணினால் கணக்கு சரியாக வரும். மூன்று மூச்சுக்கு அரை நிமிடம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமெடுத்து, விடும்போது தணிவது இயல்பு. நீளமாக விடும்போது அந்தத் தணிவுக்கு அதிக நேரம் கிடைக்கிறது. பதற்றம் கொஞ்சம் அடங்குவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. 'ஆழ்ந்து மூச்சு விடு' என்றதும் நெஞ்சு நிறைய இழுத்து, பலமாக விட்டால், இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். தலை லேசாகச் சுற்றும், விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு வரும். இந்த அடையாளம் தெரிந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிடும். மெதுவாக விட வேண்டும், பெரிதாக அல்ல. மூக்கு வழியாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவில் விட்டால் பொதுவாக அளவும் சரியாகவே இருக்கும்.

கடிகாரங்களில் மூச்சை வழிநடத்தும் செயலிகளும் உண்டு. ஆப்பிள் வாட்சில் மூச்சு வேகத்தை நிமிடத்துக்கு 4 முதல் 10 வரை மாற்றி வைக்கலாம், அதிர்வின் வலிமையையும் கூட்டவோ குறைக்கவோ முடியும். தனியாக இருக்கும்போது பழகுவதற்கு இவை மிக நல்லவை. மீட்டிங்கின் நடுவே நான் இவற்றைச் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் தொடர்ந்து கையில் தட்டிக்கொண்டிருக்கும்போது எதிரில் பேசுபவரின் பேச்சு காதில் ஏறாது. வீட்டில் சில நாள் அந்தத் தட்டலோடு பழகிவிட்டால், வகுப்பில் அது இல்லாமலே அதே வேகத்தில் மூன்று மூச்சு விட உங்களுக்கு வந்துவிடும். நீங்களே பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பார்க்கவே வேண்டாம். பேச்சு என்பதே நீளமாக மூச்சை வெளியே விடுவதுதான்; அதன்மேல் இன்னொரு கணக்கை ஏற்றினால் வாக்கியத்தின் நடுவில் மூச்சு முட்டும்.

கை தட்டலை மறக்கத் தொடங்கும்போது

இரண்டு மூன்று வாரத்தில் ஒன்று நடக்கும். தட்டல் வரும், கை தானாக அதை ஒதுக்கிவிடும், மனதுக்குச் செய்தியே போகாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மீட்டிங் முடிந்ததும், இன்று எத்தனை முறை தட்டியது என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் ஐந்து வந்திருக்க வேண்டும். இரண்டுதான் நினைவில் இருக்கிறது என்றால், மற்ற மூன்றும் வீணாகியிருக்கின்றன.

அதிர்வைக் கூட்டுவதுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு அதற்கும் பழகிவிடுவோம். ஓசை கூடியதுதான் மிச்சம். எண்ணிக்கையைக் குறைப்பதே நல்லது. 25 நிமிடத்தை 40 ஆக்குங்கள், அல்லது ஒன்றரை மணிக்கு மேல் போகும் மீட்டிங்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நேரம் அணைத்துவிடுங்கள். கடிகாரத்தை இன்னொரு கைக்கு மாற்றிக் கட்டினாலும் சில நாளுக்குத் தட்டல் புதிதாகத் தெரியும். அதோடு, செய்ய முடியாத இடத்தில் வரும் தட்டலை முதலில் எடுத்துவிட வேண்டும். வாரந்தோறும் ஒரே வகுப்பில், எழவே முடியாத ஒரு கட்டத்தில் தட்டுகிறது என்றால் டைமரை 10 நிமிடம் தள்ளித் தொடங்குங்கள்.

வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு இதே ஏற்பாடு தலைகீழாகப் பொருந்தும். அவர் நின்றுகொண்டே இருப்பவர். ஆகவே தட்டல் வந்தால் உட்காரவோ, எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றவோ வேண்டும். கரும்பலகைப் பக்கம் நெடுநேரம் உயர்த்திய தோளை இறக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மாணவர்கள் முன்னால் நிற்பவர் மணிக்கட்டைப் பார்த்தால் வகுப்பே பார்த்துவிடும் என்பதால், பார்க்காமலே புரியும் தட்டல் இவர்களுக்குத்தான் மிக அவசியம். எல்லா மாணவர்களையும் சேர்த்து எழச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு நின்றபடியே ஒரு கேள்வியை விவாதிக்கச் சொல்வதற்கான நேரத்தையும் இந்தத் தட்டலை வைத்துக் குறித்துக்கொள்ளலாம். அப்போது அறையில் யாரும் தனியாக எழ வேண்டியதில்லை.

தேர்வு அறைக்குள் ஸ்மார்ட்வாட்சைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அன்றைக்கு ஒவ்வொரு பிரிவும் எழுதி முடித்து அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது நிலையை மாற்றுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், கையில் எதுவும் தட்டாமலே அதே வேலை நடக்கும்.